இரண்டு லாட் வாங்கலாம் என்கிறது செயலி

இரண்டரை லட்ச ரூபாயைத் தரகுக் கணக்கில் போட்டுவிட்டு, ஒரு பங்கின் ஃபியூச்சர்ஸ் பக்கத்தைத் திறக்கிறார் ஒருவர். பங்கின் விலை 1,000 ரூபாய். ஒரு லாட்டில் 600 பங்குகள். ஒரு லாட்டுக்குத் தேவையான மார்ஜின் 1,08,000 ரூபாய் என்று திரை காட்டுகிறது. இரண்டு லாட்டுக்கு 2,16,000. கணக்கில் இருப்பதோ 2,50,000. இரண்டு லாட் போட்டாலும் 34,000 மிச்சம் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றும். செயலியும் தடுக்காது, பொத்தானை அழுத்தினால் ஆர்டர் போய்விடும்.

அந்த 34,000 ரூபாய் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் திரை சொல்வதில்லை. விலை எங்கே இறங்கினால் தரகர் நம்மைக் கேட்காமலே பொசிஷனை விற்றுவிடுவார் என்பதையும் பெரும்பாலான செயலிகள் காட்டுவதில்லை. ஃபியூச்சர்ஸில் எத்தனை லாட் எடுப்பது என்பதை அந்த விலையை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

இங்கே பேசுவது இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் நடக்கும் தனிப்பங்கு ஃபியூச்சர்ஸ் பற்றி. 2001 நவம்பரில் தொடங்கிய வணிகம் இது. எடுத்துக்காட்டில் வரும் பங்கு கற்பனையானது; எண்கள் மட்டும் சந்தையில் அன்றாடம் பார்க்கும் அளவுகளை ஒட்டியவை.

ஆறு லட்ச ரூபாய்ச் சரக்கு

முதலில் வாங்கிய பொருளின் அளவு எவ்வளவு என்று பார்ப்போம். 600 பங்குகளை 1,000 ரூபாயால் பெருக்கினால் ஆறு லட்சம். கொடுத்தது 1,08,000 ரூபாய்தான் என்றாலும், லாபமும் நட்டமும் ஆறு லட்சத்தின் மீதுதான் ஏறி இறங்கும். பங்கு ஒரு ரூபாய் இறங்கினால் கணக்கில் 600 ரூபாய் போகும். பத்து ரூபாய் இறங்கினால் ஆறாயிரம்.

இதைவிடச் சிறிதாக வாங்க வழியில்லை. மளிகை மண்டியில் சர்க்கரையை மூட்டைக் கணக்கில்தான் தருவார்கள், கால் கிலோ கேட்க முடியாது, லாட்டும் அப்படித்தான். பங்கு ஃபியூச்சர்ஸில் ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது ஐந்து லட்சமாவது இருக்க வேண்டும் என்று 2015இல் செபி உயர்த்தியது. அதனால் நடைமுறையில் எந்தப் பங்கை எடுத்தாலும் ஒரு லாட் என்பது பல லட்ச ரூபாய்ச் சரக்காகத்தான் இருக்கும். சிறு கணக்கின் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1,08,000 ரூபாய் என்பது ஆறு லட்சத்தில் 18 விழுக்காடு. அது பொருளின் விலை இல்லை, பிணைத்தொகை. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஸ்பான் என்ற கணக்கீட்டு முறை, விலையும் ஏற்ற இறக்கமும் பல விதமாக மாறினால் ஒரே நாளில் எவ்வளவு நட்டம் வரலாம் என்று கணித்து ஒரு தொகையைச் சொல்லும். சிகாகோ சந்தையில் 1988இல் உருவான முறை இது. அதற்கு மேல் எக்ஸ்போஷர் மார்ஜின் என்று ஒரு சிறு சதவீதம் சேரும். அமைதியான பங்குகளுக்கு இரண்டும் சேர்ந்து 18 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். அதிகம் ஆடும் பங்குகளுக்கு 25, 30 என்றும் அதற்கு மேலும் போகும்.

தினமும் சந்தை முடிந்ததும் அன்றைய முடிவு விலையை வைத்து லாப நட்டம் ரொக்கமாகவே தீர்க்கப்படும். இதைத்தான் எம்.டி.எம். என்கிறார்கள். பங்கை வாங்கி வைத்திருப்பவர், 'விற்றால்தானே நட்டம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபியூச்சர்ஸில் அந்த ஆறுதல் கிடையாது. அன்றைய நட்டம் அன்றைக்கே கணக்கிலிருந்து போய்விடும்.

இன்னொரு விவரமும் முக்கியம். அமெரிக்காவில் ஃபியூச்சர்ஸ் எடுக்கும்போது ஒரு தொகை, வைத்திருக்க அதைவிடக் குறைந்த இன்னொரு தொகை என்று இரண்டு அளவுகள் உண்டு. நம் சந்தையில் அந்த இடைவெளி இல்லை. எடுக்கும்போது கேட்ட முழு மார்ஜினும், பொசிஷன் இருக்கும் வரை கணக்கில் இருந்தாக வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அது பற்றாக்குறைதான். பற்றாக்குறை வந்தவுடன் பணம் போடச் சொல்லிச் செய்தி வரும். போடாவிட்டால் ஸ்கொயர் ஆஃப் செய்யும் உரிமை தரகருக்கு உண்டு. சிலர் மறுநாள் காலை வரை பொறுப்பார்கள். சிலர் நட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வணிக நேரத்திலேயே வெட்டிவிடுவார்கள். அது நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும், தரகரின் ஆர்.எம்.எஸ். எனப்படும் இடர் மேலாண்மைக் கொள்கையிலும் எழுதியிருக்கும். அவர் பொறுப்பார் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடக் கூடாது. பற்றாக்குறை தொடங்கும் விலையையே வெட்டுக்கோடு என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வெட்டுக்கோட்டைக் கண்டுபிடிப்பது

ஒரு லாட் வாங்கியவருக்கு முதலில் போடுவோம். கணக்கில் 2,50,000. மார்ஜின் 1,08,000. மிச்சம் 1,42,000. இந்த மிச்சத்தை 600 பங்குகளால் வகுத்தால் 236 ரூபாய் 67 காசு. அவ்வளவு இறங்கினால் மிச்சம் தீர்ந்துவிடும் என்பது முதல் மதிப்பீடு.

இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. விலை இறங்க இறங்க ஒப்பந்தத்தின் மதிப்பும் குறைவதால், அதில் 18 விழுக்காடான மார்ஜினும் கொஞ்சம் குறையும். அதற்காக 236.67ஐ 0.82ஆல் வகுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மார்ஜின் விகிதமான 0.18ஐக் கழித்தால் வருவதுதான் இந்த 0.82. விடை ஏறக்குறைய 289 ரூபாய். 1,000இலிருந்து 289 போனால் 711. இதுதான் இவருடைய வெட்டுக்கோடு. தூரம் 28.9 விழுக்காடு.

```
தூரம் (ரூபாயில்) = (கணக்கில் உள்ள பணம் − மார்ஜின்) ÷ (பங்குகள் × (1 − மார்ஜின் விகிதம்))
```

இப்போது அதே பணத்தில் இரண்டு லாட் வாங்கியவருக்குப் போடுவோம். மிச்சம் 34,000. பங்குகள் 1,200. வகுத்தால் 28 ரூபாய் 33 காசு. 0.82ஆல் வகுத்தால் 34 ரூபாய் 55 காசு. வெட்டுக்கோடு 965 ரூபாயில் நிற்கிறது. தூரம் வெறும் 3.5 விழுக்காடு.

லாட் இரண்டு மடங்கானது. தூரமோ எட்டு மடங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. இரண்டாவது லாட் தன் பங்குக்கு இன்னொரு 1,08,000 ரூபாயை மிச்சத்திலிருந்து பிடித்துக்கொள்கிறது. அதோடு, எஞ்சியதைத் தின்னும் பங்குகளின் எண்ணிக்கையையும் இரட்டிக்கிறது. இப்படி மெத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் தேய்கிறது. 'நட்டம் வந்தாலும் இரண்டு மடங்குதானே' என்று நினைத்து இரண்டாவது லாட் போடுபவர் இந்தப் பெருக்கத்தை எதிர்பார்ப்பதில்லை.

கோட்டுக்குக் கீழே இன்னொரு விலையும் இருக்கிறது. 2,50,000ஐ 600ஆல் வகுத்தால் 416.67. 1,000இலிருந்து அதைக் கழித்தால் 583. ஒரு லாட் வைத்திருப்பவரின் கணக்கு முழுக்கக் காலியாகும் விலை அது. இரண்டு லாட் என்றால் 792. அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு ரூபாயும் தரகருக்குத் தர வேண்டிய கடன். தரகர் வெட்டுக்கோட்டிலேயே விற்க முயல்வது, கணக்கு இந்த இரண்டாவது விலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

நகரும் கோடு

விலை ஏறினாலோ இறங்கினாலோ வெட்டுக்கோடு தானாக நகராது. ஒரு லாட் வைத்திருப்பவருக்கு நாளை விலை 960 ஆனாலும் 1,040 ஆனாலும், மறுபடி கணக்குப் போட்டால் 711தான் வரும். எம்.டி.எம்.மில் போன பணமும் வந்த பணமும் விலை மாற்றத்துக்குச் சரியாக ஈடாகிவிடும். கோட்டை நகர்த்துபவை வேறு சில.

முதலாவது, மார்ஜின் விகிதம். பங்கின் ஏற்ற இறக்கம் கூடினால் ஸ்பான் தொகையும் கூடும். வர்த்தகர் ஒன்றும் செய்யாமலே 18 விழுக்காடு 25 ஆகலாம். ஒரு லாட் வைத்திருப்பவருக்கு மார்ஜின் 1,50,000 ஆகும். கோடு 711இலிருந்து 778க்கு ஏறும். தூரம் 22 விழுக்காடாகக் குறையும். இரண்டு லாட் வைத்திருப்பவருக்கு மார்ஜின் மூன்று லட்சமாகிவிடும். கணக்கில் இருப்பதோ இரண்டரை லட்சம். விலை ஒரு பைசா இறங்காமலே அவர் பற்றாக்குறையில் விழுந்துவிட்டார். விலை சரியும் நாட்களில்தான் ஏற்ற இறக்கமும் கூடும் என்பதால், இந்த இரண்டு அடியும் பெரும்பாலும் சேர்ந்தே விழும். விலை கீழே வரும்போது கோடு மேலே வரும்.

இரண்டாவது, எக்ஸ்பைரி நெருங்குவது. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸும் கடைசி நாளில் பங்கைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்படுகின்றன. கடைசி வரை வைத்திருந்தால் ஆறு லட்ச ரூபாய் கட்டி 600 பங்குகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் மாதத்தின் கடைசிச் சில வணிக நாட்களில் தரகர்கள் மார்ஜினை ஏற்றிவிடுவது வழக்கம். அது 50 விழுக்காடு ஆனால் ஒரு லாட்டுக்கே மூன்று லட்சம் வேண்டும். நம் இரண்டரை லட்சக் கணக்கு அப்போதே வெட்டுக்கு உரியதாகிவிடும். எந்த நாளிலிருந்து எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதை முன்கூட்டியே தரகரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் வெளியே வருவதோ அடுத்த மாதத்துக்கு ரோல் ஓவர் செய்வதோ நல்லது. இப்போது தேசியப் பங்குச் சந்தையில் மாத எக்ஸ்பைரி கடைசிச் செவ்வாய்க்கிழமை. 2025 செப்டம்பருக்கு முன் அது வியாழனாக இருந்தது.

மூன்றாவது, லாபத்தில் லாட் சேர்ப்பது. பலர் தெரியாமல் மாட்டுவது இதில்தான். 1,000இல் ஒரு லாட் வாங்கியவரின் பங்கு 1,060 ஆகிவிட்டது. 36,000 லாபம் கணக்கில் ஏறி, கையில் 2,86,000. கணிப்புதான் பலிக்கிறதே என்று இன்னொரு லாட் வாங்குகிறார். இப்போது மார்ஜின் 2,28,960. மிச்சம் 57,040. 1,200 பங்குகளாலும் 0.82ஆலும் வகுத்தால் 58 ரூபாய். கோடு 1,002. நேற்று வரை 711இல் இருந்த கோடு, அவர் முதலில் வாங்கிய விலைக்கும் மேலே வந்துவிட்டது. பங்கு தொடங்கிய இடத்துக்குத் திரும்பினாலே அவர் வெட்டப்படுவார்.

நான்காவது, பணத்தின் வகை. கணக்கில் இருக்கும் தொகையில் ஒரு பகுதி அடகு வைத்த பங்குகளாக இருக்கலாம். அவற்றின் சந்தை விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் மார்ஜினாக ஏற்பார்கள். மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ அதற்கு இணையானதாகவோ இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. எம்.டி.எம். நட்டத்தை அடகுப் பங்கால் கட்ட முடியாது, ரொக்கம்தான் வேண்டும். சந்தை மொத்தமாகச் சரியும் நாளில் அடகுப் பங்குகளின் மதிப்பும் சேர்ந்தே குறையும். அதனால் தூரத்தை அளக்கும்போது ரொக்கத்தை மட்டும் வைத்து ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் தூரம் போதுமா?

3.5 விழுக்காடு குறைவா, 28.9 விழுக்காடு அதிகமா என்பதைப் பங்கு தினமும் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கடந்த 20 வணிக நாட்களின் தினசரி மாற்றத்தை, ஏற்றமோ இறக்கமோ குறியைப் பார்க்காமல், சதவீதமாக எழுதிச் சராசரி எடுங்கள். நம் பங்குக்கு அது 1.6 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமாக ஆடும் ஒரு பங்குக்கு இது இயல்பான அளவு.

பத்து நாள் வைத்திருக்கப் போகிறோம் என்றால் இதைப் பத்தால் பெருக்கக் கூடாது. ஒரு நாள் ஏறியது மறுநாள் இறங்குவதால், நாட்களின் வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். பத்தின் வர்க்கமூலம் 3.16. ஆகப் பத்து நாளில் ஏறக்குறைய 5 விழுக்காடு நகர்வது இந்தப் பங்குக்குச் சாதாரணம். இரண்டு லாட்காரரின் தூரம் 3.5. கணிப்பு கடைசியில் சரியாகவே இருந்தாலும்கூட, இடையில் ஒரு நாளாவது அவருடைய கோட்டை விலை தொட்டுவிட்டு வருவதற்கான வாய்ப்பு கணிசமானது. பத்தாம் நாள் பங்கு 1,080 ஆகியிருக்கலாம். ஆனால் நான்காம் நாளே தரகர் அவரை வெளியேற்றியிருப்பார்.

ஒரு லாட்காரரின் 28.9 விழுக்காடோ இந்தச் சாதாரண நகர்வைப்போல ஆறு மடங்கு. பத்து நாளில் அங்கே போகாது என்று சராசரிக் கணக்கு சொல்லும். ஆனால் பங்குகள் எப்போதும் சராசரிக் கணக்கின்படி நடப்பதில்லை. சந்தை மூடியிருக்கும்போது செய்தி வரும்; மறுநாள் விலை படிப்படியாக இறங்காமல் தாவி இறங்கும்.

2013 ஏப்ரல் 12 அன்று, காலாண்டு முடிவும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடும் ஏமாற்றியதால் இன்ஃபோசிஸ் ஒரே நாளில் 21 விழுக்காடு விழுந்தது. 2024 ஜனவரி 17 அன்று, அலைபாயாத பங்கு என்று பெயரெடுத்த எச்டிஎஃப்சி வங்கிகூட முடிவுகள் வந்த மறுநாள் 8 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2025 மார்ச் 10 அன்று வணிகம் முடிந்த பிறகு, தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதாக இண்டஸ்இண்ட் வங்கி அறிவித்தது. மறுநாள் பங்கு ஏறக்குறைய 900 ரூபாயிலிருந்து 656க்கு வந்து முடிந்தது. 27 விழுக்காடு சரிவு. இந்த மூன்றும் மூலைமுடுக்கு நிறுவனங்கள் இல்லை. ஃபியூச்சர்ஸ் நடக்கும் பெரிய பங்குகள்.

இத்தகைய பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் எல்லை கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 10 விழுக்காட்டில் ஒரு தற்காலிக வரம்பு உண்டு; சிறிது நேரத்துக்குப் பின் அதுவும் தளர்ந்து விலகிக்கொண்டே போகும்.

27 விழுக்காட்டை நம் கற்பனைப் பங்கின் மீது போட்டுப் பார்ப்போம். விலை 730. ஒரு லாட்காரருக்கு 1,62,000 போய்விட்டது; கையில் 88,000. பழைய 18 விழுக்காட்டில் மார்ஜின் ஏறக்குறைய 79,000 என்பதால், காகிதத்தில் தப்பிவிட்டார். ஆனால் அப்படியொரு நாளுக்குப் பிறகு விகிதம் பழையபடி இருக்காது. 25 விழுக்காடானால் 1,09,500 வேண்டும், 21,500 பற்றாக்குறை. இரண்டு லாட்காரருக்கோ அந்த முடிவு விலையில் நட்டம் 3,24,000. கணக்கு முழுதும் போய் 74,000 ரூபாய் கடன்.

ஸ்டாப்லாஸ் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்காதா என்று கேட்கலாம். 970இல் போட்ட ஸ்டாப்லாஸ், சந்தை 900இல் திறந்தால் 970இல் விற்காது. சந்தை விலைக்குப் போட்டிருந்தால், அடுத்து வாங்க ஆள் இருக்கும் விலையில் விற்கும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்டிருந்தால் ஆர்டர் அப்படியே தொங்கும். வணிக நேரத்தில் மெல்ல இறங்கும் விலைக்குத்தான் ஸ்டாப்லாஸ் உதவும். இரவில் வரும் தாவலைத் தாங்க இருப்பது தூரம் ஒன்றுதான். காலாண்டு முடிவு தேதியைப் பொசிஷன் எடுக்கும் முன்பே பார்த்து வைப்பதும் இதற்காகத்தான்.

பணத்திலிருந்து லாட்டுக்கு

இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, அதற்கு ஒரு லாட்டுக்கு எவ்வளவு பணம் தேவை என்று பார்ப்போம். மார்ஜின் விகிதத்தை இன்றைய 18இல் வைக்காமல், பதற்றமான நாளின் 25இல் வையுங்கள். தூரம் குறைந்தது 15 விழுக்காடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கின் பத்து நாள் சாதாரண நகர்வைப்போல மூன்று மடங்கு அது. இரண்டையும் கூட்டினால் 40 விழுக்காடு. ஆறு லட்சத்தில் 40 விழுக்காடு 2,40,000. ஒரு லாட்டுக்கு அவ்வளவு பணம் வேண்டும்.

துல்லியமாகப் போட்டால், விலை இறங்கும்போது மார்ஜின் குறைவதால், 2,17,500 போதும். ஆனால் கூட்டல் முறையில் வரும் சிறு உபரி நமக்கு நல்லதுதான். 2,50,000ஐ 2,40,000ஆல் வகுத்தால் ஒன்றும் சொச்சமும். ஆக இந்தக் கணக்குக்கு ஒரு லாட்தான். செயலி சொன்ன இரண்டு இல்லை.

விலை இறங்கும் என்று ஷார்ட் போகிறவருக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. விலை ஏறினால் நட்டமும் கூடும், ஒப்பந்த மதிப்பு கூடுவதால் மார்ஜினும் கூடும். அதே 15 விழுக்காடு தூரத்துக்கும் 25 விழுக்காடு மார்ஜினுக்கும் அவருக்கு 2,62,500 ரூபாய் தேவை. இரண்டரை லட்சத்தில் ஒரு லாட் ஷார்ட் போவதற்கே இடமில்லை.

வெட்டுக்கோடு தொலைவில் இருக்கிறது என்பதால், அது வரை காத்திருக்கலாம் என்று பொருளில்லை. 15 விழுக்காடு இறங்கும் வரை பொறுத்தால் 90,000 ரூபாய், அதாவது கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கணிப்பு தவறு என்று நாமாக ஒத்துக்கொண்டு வெளியேறும் விலை அதற்கு வெகு முன்பே இருக்க வேண்டும். அது 4 விழுக்காட்டில், 960இல் என்று வையுங்கள். அதைவிட நெருக்கமாக வைத்தால் பங்கின் அன்றாட ஆட்டமே நம்மைத் தள்ளிவிடும். ஒரு முறை தவறினால் நட்டம் 24,000. நம் கணக்கில் அது 9.6 விழுக்காடு.

அப்படி நான்கு முறை அடுத்தடுத்துத் தவறினால் கையில் 1,54,000 இருக்கும். அதே பங்கை அதே விலையில் ஒரு லாட் எடுத்தால், தூரம் இப்போது 9.3 விழுக்காடுதான். லாட்டைப் பாதியாக்க முடியாது என்பதால், கணக்கு சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு லாட்டும் முன்பைவிட ஆபத்தானதாகிறது. ஒரு தவறுக்குக் கணக்கில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது வர்த்தகர்களிடையே புழங்கும் ஒரு விதி. இந்த லாட்டில் அதைக் கடைப்பிடிக்க 12 லட்ச ரூபாய் வேண்டும். ஐந்து விழுக்காடு வரை பொறுத்துக்கொள்வேன் என்பவருக்கும் 4,80,000 வேண்டும்.

சிறு கணக்குக்காரர் இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஃபியூச்சர்ஸ் வாங்கும்போதே அதே மாதத்துக்கு, 950 ஸ்ட்ரைக்கில் ஒரு லாட் புட் ஆப்ஷனும் வாங்கிக்கொள்வது. பிரீமியம் பங்குக்கு 15 ரூபாய் என்றால் செலவு 9,000. விலை எவ்வளவு தாவி இறங்கினாலும் எக்ஸ்பைரியில் மொத்த நட்டம் 65 ரூபாயைத் தாண்டாது. 600 பங்குக்கு 39,000. மார்ஜினும் குறையும். ஆனால் இதிலும் இரண்டு உறுத்தல்கள் இருக்கின்றன. மாதாமாதம் 9,000 என்பது இரண்டரை லட்சத்தில் 3.6 விழுக்காடு, பங்கு 15 ரூபாய்க்கு மேல் ஏறினால்தான் லாபமே தொடங்கும். அடுத்து, ஃபியூச்சர்ஸ் நட்டத்தை அன்றன்றைக்கு ரொக்கமாகக் கேட்பார்கள். புட்டின் லாபமோ விற்கும் வரை கைக்கு வராது. காப்பு இருந்தும் ரொக்கத்துக்கு முட்டுப்படுவது நடக்கும்.

பொசிஷன் இருக்கும் நாட்களில் மாலை எம்.டி.எம். முடிந்ததும் மூன்று எண்களை எழுதிக்கொண்டால் போதும்: கணக்கில் உள்ள ரொக்கம், தரகர் இன்று கேட்கும் மார்ஜின், வெட்டுக்கோட்டுக்கு உள்ள தூரம். தூரத்தைப் பங்கின் சராசரி தினசரி நகர்வால் வகுத்தால், எத்தனை நாள் ஆட்டத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரியும். விலை மாறாமலே தூரம் குறைந்திருந்தால் மார்ஜின் ஏறியிருக்கிறது என்று பொருள். செயலி அதைத் தனியாகச் சொல்லாது. தூரம் மூன்று நாள் நகர்வுக்குக் கீழே வந்தால், இரண்டு லாட் வைத்திருப்பவர் ஒன்றைத் தானே விற்றுவிடுவது நல்லது. ஒரு லாட் மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. அவர் பணம் போட வேண்டும், இல்லையென்றால் முழுதாக வெளியேற வேண்டும்.

1,15,000 ரூபாயோடு வருபவருக்கும் செயலி ஒரு லாட் தரும். மார்ஜின் போக அவரிடம் மிச்சம் 7,000. தூரம் 14 ரூபாய், 1.4 விழுக்காடு. அந்தப் பங்கின் ஒரு சராசரி நாள் நகர்வே 1.6. அவருடைய கணக்குக்கு ஏற்ற அளவு பூஜ்யம் லாட். அந்தப் பங்கின் மீது நம்பிக்கை இருந்தால் அதே பணத்தில் 115 பங்குகளை ரொக்கச் சந்தையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே அவரைக் கேட்காமல் யாரும் விற்க முடியாது.